பின்னால் பார்க்காதீர்கள், முன்னால் பாருங்கள்

2013-ஆம் ஆண்டு அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில், சீனாவைச் சேர்ந்த குவான் தியன்லாங் என்ற 14 வயதுச் சிறுவன் ஆடினான். இரண்டாம் நாள், 17-ஆவது குழியில் அவன் கணக்கில் ஒரு அடி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. அவன் பந்தைத் தொலைக்கவுமில்லை, தண்ணீரில் போடவுமில்லை. அடிக்க எடுத்துக்கொண்ட நேரம் அதிகம், அவ்வளவுதான். காற்று திசை மாறிக்கொண்டே இருக்க, எந்த மட்டையை எடுப்பது என்று அவன் யோசித்துக்கொண்டே இருந்தான்.

ஆனால் அதிகாரிகள் காலையிலிருந்தே கடிகாரத்தோடு அவன் பின்னால் அலையவில்லை. அவனும் அவனோடு ஆடிய இருவரும் முன்னே போன குழுவைவிட்டுப் பின்தங்கிய பிறகுதான் 12-ஆவது குழியில் நேரம் பார்க்க ஆரம்பித்தார்கள். 13-இல் எச்சரிக்கை, 17-இல் தண்டனை. கோல்ஃபில் தாமதத்தை அளக்கும் முதல் அளவுகோல் ஒருவர் மட்டை வீச எத்தனை நொடி எடுத்தார் என்பதல்ல. அவருடைய குழு முன்குழுவை ஒட்டி நிற்கிறதா என்பதே.

சாதாரண கிளப் ஆட்டத்திலும் இதே கதைதான். நால்வர் கொண்ட குழுக்கள் சில நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக முதல் குழியிலிருந்து கிளம்புகின்றன. ஒரே பாதை, 18 குழிகள், முந்திச் செல்ல வழி கிடையாது. நடுவில் ஒரு குழு பத்து நிமிடம் தாமதித்தால், பின்னால் வரும் அத்தனை குழுக்களும் அந்தப் பத்து நிமிடத்தைச் சுமந்தாக வேண்டும். பல குழுக்களுக்குத் தாங்கள் பின்தங்கியதே தெரியாது. பின்னால் யாரும் காத்திருக்கவில்லையே, நாம் சரியாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடையாளம் முன்னால்தான் இருக்கிறது. ஒரு பார் 4 குழியின் டீக்கு, அதாவது முதல் அடி அடிக்கும் மேட்டுக்கு, வந்து சேரும்போது ஃபேர்வேயிலும் கிரீனிலும் ஆளே இல்லையென்றால் அந்தக் குழு ஒரு குழி பின்தங்கிவிட்டது என்று அர்த்தம்.

நெரிசல் வழக்கமாக ஆரம்பிக்கும் இடம் பார் 3. பார் 4 குழியில் ஒரு குழு கிரீனில் இருக்கும்போதே இன்னொரு குழு பின்னால் ஃபேர்வேயில் நடந்துவரலாம். பார் 3 நீளம் குறைந்தது. முதல் அடியிலேயே பந்து கிரீனை எட்டிவிடும். அதனால் கிரீன் காலியாகும்வரை அடுத்த குழு டீயிலேயே நிற்க வேண்டும். குழுக்கள் 8 நிமிடத்துக்கு ஒன்றாக வருகின்றன, ஒரு குழு பார் 3-ஐ முடிக்க 12 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது குழு 4 நிமிடம் காத்திருக்கும், மூன்றாவது 8, நான்காவது 12, ஆறாவது குழு 20 நிமிடம். இதில் யாருமே மந்தமாக ஆடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்குக் கிளப்புகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிரீனை அடைந்த குழு தங்கள் பந்துகளை அடையாளமிட்டு எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, டீயில் நிற்பவர்களை அடிக்கச் சொல்லிக் கையசைக்கும். அவர்கள் அடித்துவிட்டு நடந்து வருவதற்குள் இவர்கள் குழியில் பந்தைப் போட்டு முடித்துவிடுவார்கள். ஒரு குழுவின் நடையும் இன்னொரு குழுவின் பட்டிங்கும் ஒரே நேரத்தில் நடப்பதால் அந்தச் சில நிமிடங்கள் மிச்சமாகின்றன.

ஒரே குழுவுக்குள் இதே வேலையைச் செய்வதுதான் ரெடி கோல்ஃப். வழக்கப்படி, குழியிலிருந்து அதிகத் தூரத்தில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும்; டீயில், முந்தைய குழியில் குறைந்த அடிகளில் முடித்தவருக்கு முதல் உரிமை. ரெடி கோல்ஃபில் அந்த வரிசை கிடையாது. யார் தயாரோ, யார் அடித்தால் யாருக்கும் ஆபத்தில்லையோ, அவர் அடிக்கலாம். 2019-இல் திருத்தப்பட்ட கோல்ஃப் விதிகள் ஸ்ட்ரோக் பிளேயில் இதை வெளிப்படையாகவே ஊக்குவிக்கின்றன. தடையில்லாமல் அடிக்கக்கூடிய நிலை வந்ததும் 40 நொடிக்குள் அடித்துவிட வேண்டும் என்ற பரிந்துரையும் அப்போதுதான் சேர்ந்தது.

ஒரு பார் 4-இல் நால்வரைப் பின்தொடர்ந்தால் இது எளிதாக விளங்கும். முதல் உரிமை உள்ளவர் நீளமாக அடிப்பவர்; முன்குழு இன்னும் அவர் பந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவர் காத்திருக்க, அவ்வளவு தூரம் அடிக்காத இருவர் முதலில் அடித்துவிடுகிறார்கள். அடுத்து, ஒருவர் பந்து புதருக்குள் போய்விட்டது. மற்ற மூவரும் உடனே தேட ஓடுவதில்லை; தங்கள் பந்தை அடித்துவிட்டுத்தான் தேடப் போகிறார்கள். கிரீன் அருகே ஒருவர் பங்கர் மணலிலிருந்து பந்தை வெளியே எடுக்கிறார். இன்னும் அவர் பந்துதான் அதிகத் தூரத்தில் இருக்கிறது, ஆனாலும் அவர் மணலைச் சமன் செய்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் பட் செய்கிறார். பைகள் கிரீனுக்கு முன்னால் கிடக்கவில்லை; அடுத்த டீக்குப் போகும் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. எத்தனை அடி என்று கிரீனில் நின்று யாரும் எண்ணுவதில்லை, அடுத்த டீக்குப் போய்த்தான் எழுதுகிறார்கள். இந்த நால்வரில் யாரும் ஓடவில்லை, மட்டையை அவசரமாக வீசவுமில்லை.

இதன் பலனைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளுக்கு 90 அடி என்றால் நால்வருக்கு 360 அடி. ஒருவர் அடித்து முடித்த பிறகுதான் அடுத்தவர் உறையைக் கழற்றி, தூரம் பார்த்து, மட்டை தேர்ந்தெடுப்பார் என்றால் அடிக்கு 10 நொடி வீணானாலும் ஒரு மணி நேரம் போய்விடும்.

பெரிய இழப்பு தொலைந்த பந்தில்தான். தேட அனுமதிக்கப்பட்ட நேரம் முன்பு 5 நிமிடம். 2019 முதல் 3 நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் வேறு பந்தை அடிக்க வேண்டும். அந்த நடைதான் குழுவைக் குப்புறத் தள்ளும். பந்து தொலைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், இருந்த இடத்திலேயே புரொவிஷனல் பந்து என்று சொல்லி இன்னொன்றை அடித்துவிட்டுக் கிளம்புவதே வழி. முன்னால் ஒரு குழி காலியாகக் கிடக்க, பின்னால் ஆட்கள் நின்றால், தேடும் நேரத்திலேயே அவர்களைக் கடந்து போகச் சொல்லிவிடலாம்.

ரெடி கோல்ஃபுக்கு ஒரு முக்கிய எல்லை உண்டு. ஒருவருக்கு ஒருவர் மோதும் மேட்ச் பிளேயில் யார் முதலில் அடிப்பது என்பதே வியூகத்தின் பகுதி. அங்கே முறை மாறி அடித்தால், எதிராளி அந்த அடியை உடனே ரத்து செய்து மறுபடி அடிக்கச் சொல்லலாம். நேரத்தை மிச்சப்படுத்த இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டுமே முறை மாற்றலாம். ஸ்ட்ரோக் பிளேயில் முறை மாறியதற்குத் தண்டனை இல்லை. ஆனால் ஒருவருக்குச் சாதகமாக இருக்கட்டும் என்று பேசிவைத்து மாற்றினால் அவர்களுக்கு இரண்டு அடி தண்டனை.

ஆடுபவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் நெரிசல் தீராத நாட்கள் உண்டு. மேலே பார்த்த பார் 3 கணக்கில், கையசைத்து அழைப்பதால் 12 நிமிடம் 10 ஆகலாம். குழுக்கள் 8 நிமிடத்துக்கு ஒன்று என்று விடப்படும்வரை வரிசை வளரத்தான் செய்யும். அதை மாற்றுவது கிளப் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. கிளம்பும் இடைவெளியைக் கூட்டுவது, பந்து வழக்கமாக விழும் ஓரங்களில் புல்லைக் குட்டையாக வெட்டுவது, கூட்டம் அதிகமுள்ள நாளில் கொடியைக் கிரீனின் எளிதான பகுதியில் நடுவது என வேலைகள் இருக்கின்றன. இடைவெளியைக் கூட்டினால் ஒரு நாளில் ஆடக்கூடிய குழுக்கள் குறையும், கட்டண வருமானமும் குறையும். பல கிளப்புகள் அந்த ஒன்றை மட்டும் தொடத் தயங்குவதற்குக் காரணம் அதுதான்.