விரல் காட்டிய எண்களுக்கு ஓரக் குறிப்பு

வகுப்பில் ஆசிரியர் திரையில் விரல் வைத்து “இதைப் பாருங்கள்” என்பார். எழுத்தில் அந்த விரல் இல்லை. அதனால் ரிக்ரெஷன் பாடத்தைக் கையேடாக்கும்போது, முடிவை அப்படியே அச்சிட்டு ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் குறிப்பு எழுதவேண்டும்.

R மென்பொருளோடு வரும் mtcars தரவில், மோட்டார் டிரெண்ட் இதழின் 1974ஆம் ஆண்டு இதழிலிருந்து எடுத்த 32 கார்கள் உள்ளன. எடையை வைத்து மைலேஜைக் கணித்தால்:

```
            Estimate  Pr(>|t|)
(Intercept)  37.2851   < 2e-16
wt           -5.3445  1.29e-10
```

wt வரிக்கு என் குறிப்பு: எடை ஆயிரம் பவுண்டு கூடிய கார், சராசரியாக காலனுக்கு 5.3 மைல் குறைவாக ஓடுகிறது. அலகைச் சொல்லாத குறிப்பு வீண். முதல் வரியின் 37.3, எடையே இல்லாத காரின் மைலேஜ். அப்படி ஒரு கார் கிடையாது, அதற்குப் பொருள் தேட வேண்டாம்.

கடைசிப் பத்திதான் அதிகம் தடுமாற வைக்கும். 1.29e-10 என்றால் புள்ளிக்குப் பின் ஒன்பது சுழியம். எடைக்கும் மைலேஜுக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய சரிவு தற்செயலாக வரும் வாய்ப்பு அது. “தொடர்பு இல்லாதிருக்கும் வாய்ப்பு” என்று எழுதினால் தவறு. தாக்கம் பெரிதா என்பதையும் அது சொல்லாது.

பொருத்தத்துக்கு R-squared 0.7528: மைலேஜ் வேறுபாட்டில் முக்கால் பங்கு எடையோடு சேர்ந்து போகிறது. எனக்கு அதைவிடப் பயன்படுவது Residual standard error, 3.046. கணிப்பு பொதுவாக மூன்று மைல் அளவுக்குத் தவறும் என்று நேராகச் சொல்லிவிடுகிறது.

குதிரைத்திறனையும் (hp) சேர்த்துப் பாருங்கள், எடையின் -5.34, -3.88 ஆகச் சுருங்கும். கனமான கார்களுக்குப் பெரும்பாலும் எஞ்சினும் பெரிது. முன்பு எடையின் கணக்கில் ஏறியிருந்ததில் ஒரு பகுதி எஞ்சினுடையது.