இரண்டாம் வகை நீரிழிவில் எதிர்ப்புவிசைப் பயிற்சி: பிள்ளைப்பாக்கம் முறைப்பணித் தொழிலாளரை முன்வைத்துத் தாழ்சர்க்கரை இடரும் சிற்றுணவு நேரமும்

முன்னுரை

நீரிழிவு நோயருக்கு உடற்பயிற்சி என்றவுடன் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது நடைப்பயிற்சியே. ஆய்வு மரபும் இதற்கு ஒரு காரணமாகும். சென்னையில் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்தது. உணவுக் கட்டுப்பாட்டோடு நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறு அதில் அறிவுறுத்தப்பட்டது. உடலுழைப்புத் தொழில் செய்வோர் அவ்வுழைப்பைத் தொடர்ந்தால் போதும் எனக் கொள்ளப்பட்டது. தடுப்பு நோக்கில் அது பயன்தந்த அறிவுரையே. எனினும் நோய் வந்துவிட்ட பின்னரும் 'வேலையே உடற்பயிற்சிதானே' என்னும் எண்ணம் ஆலைத் தொழிலாளரிடம் நிலைத்திருப்பது ஆராயத்தக்கது.

திருப்பெரும்புதூர் வட்டத்துப் பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவும் அதனையொட்டிய ஒரகடம் பகுதியும் முறைப்பணியால் இயங்குபவை. பணிநேரம் மாறும்போது உணவு நேரமும் மாத்திரை நேரமும் உறக்க நேரமும் சேர்ந்தே மாறுகின்றன. இச்சூழலில் எதிர்ப்புவிசைப் பயிற்சி மேற்கொள்ளும் நீரிழிவாளருக்குத் தாழ்சர்க்கரை எப்போது நேரும், சிற்றுணவு யாருக்கு எந்நேரத்தில் தேவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

உழைப்பும் பயிற்சியும்

எதிர்ப்புவிசைப் பயிற்சி என்பது தசை தனக்கு எதிரான ஒரு விசையை, பழகப்பழகக் கூட்டப்படும் அளவில், சில முறைகள் மட்டும் வென்று பின் ஓய்வெடுப்பதாகும். பொருத்துவரிசையில் நிற்பவர் ஒரே சிறுசுமையை ஒரு பணிமுறையில் நூற்றுக்கணக்கான முறை தூக்கலாம். அச்சுமை என்றும் கூடுவதில்லை. தொடையும் முதுகும் அதில் பெரும்பங்கு கொள்வதுமில்லை. களைப்பு உண்டு, தசை வளர்ச்சி இல்லை. இதனாலேயே உழைப்பைப் பயிற்சிக்கு ஈடாகக் கொள்ள இயலாது.

இந்தியரிடம் இப்பயிற்சியின் விளைவை அறிய உதவுவது, அனூப் மிஸ்ரா குழுவினர் தில்லியில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வாகும். இரண்டாம் வகை நீரிழிவுடைய 30 பேர், ஆறு தசைத்தொகுதிகளுக்கு, தொகுதி ஒன்றுக்குப் பத்துப்பத்து முறையாக இரண்டு சுற்றுகள் என 12 வாரம் மேற்பார்வையில் பயின்றனர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறத்தாழ 0.5 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறனும் கூடியது. ஒப்பீட்டுக் குழு இல்லாமை இவ்வாய்வின் குறை. ஆயினும் ஒல்லியான தோற்றத்திலும் மிகுகொழுப்பும் குறைதசையும் கொண்ட இந்திய உடல்வாகுக்கு இது பொருந்திவருவது கவனிக்கத்தக்கது.

இதன் செயல்முறை எளிதில் விளங்கக்கூடியது. சுருங்கும் தசை, இன்சுலினின் உதவியின்றியே குளுக்கோசை உள்ளிழுக்கும் வாயில்களைத் தன் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. பயிற்சி முடிந்தபின், தான் செலவிட்ட கிளைக்கோசனை மீட்டு நிரப்பும்வரை குருதியிலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருக்கிறது. இவ்விளைவு ஒரு நாள் முதல் இரண்டு நாள்வரை நீடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாளாக வாரம் இரண்டு மூன்று முறை பயில வேண்டும் என்பதற்கும், தாழ்சர்க்கரை பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதற்கும் இந்த ஒன்றே காரணம்.

இடர் எவருக்கு?

மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்குப் பயிற்சியால் தாழ்சர்க்கரை நேர்வது அரிது. அவருக்குப் பயிற்சிக்கு முன் சிற்றுணவு தேவையில்லை. கொடுத்தால் அது வீண் கலோரியே. இடருக்கு உள்ளாவோர் இன்சுலின் போடுபவரும், கிளிமெபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரை உண்பவருமாவர். இம்மாத்திரைகள் குருதியில் சர்க்கரை எவ்வளவு உள்ளது என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்கின்றன. தசை தன் பங்கிற்குச் சர்க்கரையை இழுக்கும் வேளையில் மருந்தும் இழுப்பதால் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே செல்கிறது (இங்குக் கூறப்படும் அளவுகள் யாவும் ஒரு டெசிலிட்டருக்கு உரியவை). 54க்குக் கீழ் சென்றால் மூளையின் தெளிவே குன்றத் தொடங்கும். ஆகவே 'நீரிழிவாளர் பயிற்சிக்கு முன் ஏதேனும் உண்ண வேண்டும்' என்னும் பொது அறிவுரை சரியன்று. மாத்திரை அட்டையைப் பார்க்காமல் சிற்றுணவு பற்றிப் பேச இயலாது.

அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு ஆகியவை தாழ்சர்க்கரையின் முதல் அறிகுறிகள். எடை தூக்குபவருக்கும் இவை மூன்றும் இயல்பாகவே வரும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ்ப் பயில்பவருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்திற்காகப் பீட்டா தடுப்பு மருந்து உண்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்து வியர்வை மட்டும் எஞ்சும். வேறுபடுத்திக் காட்டுவது ஓய்வுதான். இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்தபின் களைப்பு தணியும், தாழ்சர்க்கரை தணியாது. எண்ணிக்கை தவறுதல், திடீர்ப் பசி, எரிச்சல், உதட்டோர மரமரப்பு ஆகியன சேர்ந்தால் ஐயம் வலுக்கிறது. குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டுக் குருதியே ஐயத்தைத் தீர்க்கும். கருவி இல்லாதவிடத்துத் தாழ்சர்க்கரை என்றே கொண்டு உடன் செயற்படுவது பாதுகாப்பானது.

மாதிரி நேர்வு

இக்கூறுகளை ஒருங்கே காண ஒரு கற்பனை நேர்வைக் கொள்ளலாம். பிள்ளைப்பாக்கத்தில் பணிபுரியும் 44 அகவையினர் ஒருவர், காலையில் கிளிமெபிரைடு 2 மில்லிகிராமும், இருவேளை மெட்ஃபார்மினும் உட்கொள்கிறார். முதல் பணிமுறை காலை 6 மணிக்குத் தொடங்குவதால் 5 மணிக்கே பேருந்து ஏறுகிறார். மாத்திரையைத் தேநீருடன் வீட்டிலேயே விழுங்குகிறார்; உணவகத்தில் சிற்றுண்டி கிடைப்பது 8 மணிக்கு. முதல் பிழை இங்கேயே உள்ளது. கிளிமெபிரைடு முதல் முக்கிய உணவோடு உட்கொள்ள வேண்டியது. இங்கு அது மூன்று மணி நேரம் உணவின்றிச் செயற்படுகிறது. மாத்திரையைச் சட்டைப்பையில் எடுத்துச்சென்று சிற்றுண்டித் தட்டின் முன் உண்பதே முறை.

மதிய உணவு 11.30 மணிக்கு முடிகிறது. வீடு திரும்பி 4.30க்குப் பயிற்சி தொடங்க முற்படுகையில் கடைசி உணவு முடிந்து ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். கருவி 84 காட்டுகிறது. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ கொள்பவர் 90க்குக் கீழிருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உண்டபின் தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. சிறிய பூவன்பழம் ஒன்று ஏறத்தாழ 15 கிராம் தரும். 20 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கையில் 106 எனில் தொடங்கலாம். போண்டாவும் முறுக்கும் இவ்விடத்துக்கு ஏற்றவை அல்ல. அவற்றின் எண்ணெய் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை ஏறுவது பயிற்சி முடிந்த பின்னராகவே இருக்கும். சுண்டலும் மெல்ல ஏறுவதே. ஒரு மணி நேரம் முன்னரே உண்ண வாய்ப்பிருந்தால் அது நன்று.

பயிற்சி எளியது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், நீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனை இடுப்பளவு இழுத்தல், படியில் ஏறியிறங்கல், குதிகால் உயர்த்துதல், நெகிழிப் பட்டையைத் தோளுக்கு மேல் இழுத்தல் என ஆறு. ஒவ்வொன்றும் 10 முதல் 15 முறை, இரண்டு சுற்று. சுற்றின் இறுதியில் இன்னும் இரண்டு முறை மட்டுமே இயலும் என்ற நிலை இருக்க வேண்டும். தொடர்ந்து இரு நாள் 15 முறை எளிதாக முடிந்தால் சுமையைச் சிறிது கூட்ட வேண்டும். தூக்கும்போது மூச்சை வெளிவிட வேண்டும். மூச்சடக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென எகிறும். விழித்திரையில் புதுக்குழாய்கள் முளைத்தவர் கண் மருத்துவரின் இசைவின்றி இதில் இறங்கலாகாது.

பயிற்சி முடிந்ததும் கருவி 118 காட்டலாம். அட்ரினலின் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றுவதால் கடுஞ்சுற்றுகளின்பின் இவ்வாறு ஏறுவதுண்டு. இதனைக் கண்டு இடர் நீங்கிற்று எனக் கருதி இரவுணவைத் தள்ளிப்போடுவதே இரண்டாம் பிழை. சில மணி நேரத்தில் தசையின் இழுப்பு மேலோங்கும்.

பயிற்சிதோறும் பழம் தேவைப்பட்டால், கேள்வி பழத்தைப் பற்றியதன்று, மருந்தளவைப் பற்றியது. சர்க்கரையை இறக்க மாத்திரை, இறங்கியதை ஏற்ற சிற்றுணவு என்னும் சுழலில் எடை கூடுவதே மிச்சம். மூன்று நான்கு வார அளவீடுகளைக் குறித்துச்சென்று மருத்துவரிடம் சல்ஃபோனைல்யூரியாவின் அளவைக் குறைக்கக் கேட்பதே முறையான தீர்வாகும். மற்றொரு வழி பயிற்சி நேரத்தை மாற்றுவது. மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான சிற்றாய்வு ஒன்றில், இரவுணவுக்கு முன் பயின்றதைவிட உணவுண்டு 45 நிமிடம் கழித்துப் பயின்றபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரையோடு குருதிக் கொழுப்பும் குறைந்தது. மேற்கண்டவர் 7 மணிக்கு உண்டு 8 மணிக்குப் பயின்றால் தனிச் சிற்றுணவு வேண்டியதில்லை. உணவே அப்பணியைச் செய்கிறது. உறங்குமுன் ஒருமுறை அளந்துகொண்டால் போதும்.

இரவுப் பணிமுறை

இரவுப் பணி வாரத்தில் இக்கணக்கு தலைகீழாகிறது. காலை 7.30க்கு வீடு வந்தவர், 'வந்த கையோடு முடித்துவிடலாம்' எனப் பயின்று, வழக்கப்படி காலை மாத்திரையை விழுங்கி, உண்ணாமல் படுத்துறங்கினால் மருந்து, பயிற்சி, பட்டினி மூன்றும் ஒன்றுசேர்கின்றன. உறக்கம் எச்சரிக்கை அறிகுறிகளையும் மறைக்கிறது. பகலில் உறங்கும் அவரை எழுப்பிப் பார்க்கவும் வீட்டார் தயங்குவர். நனைந்த சட்டை, எழுந்தவுடன் தலைவலி, குழறிய பேச்சு ஆகியவை பின்னர் கிடைக்கும் சான்றுகள். பிற்பகல் 3 மணிக்கு எழுந்து உண்டு, ஒரு மணி நேரத்துக்குப்பின் பயில்வதே இவ்வாரத்துக்குப் பொருந்தும். மாத்திரையை எந்த உணவோடு சேர்ப்பது என்பதைப் பணிமுறை அட்டவணையைக் காட்டி முன்னரே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 2024இல் தமிழ்நாடு அரசு பணியிடங்களுக்கு விரிவுபடுத்திய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' போன்ற திட்டங்களின் குறிப்பேட்டில் பணிமுறைக்கெனத் தனிக்கட்டம் ஒன்று இருத்தல் இவ்வகையில் பயன்தரும்.

தாழ்சர்க்கரை நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியது பலரும் அறிந்ததே: 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளத்தல், 70ஐத் தாண்டாவிடில் மறுபடியும் குடித்தல், தாண்டியபின் இட்லி போன்ற ஓர் உணவு. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். அதிகம் அறியப்படாதது ஒன்றுண்டு. கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் ஆகியவற்றுடன் வோக்லிபோசும் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை இந்தியாவில் பரவலாக எழுதப்படுகிறது. வோக்லிபோஸ் குடலில் சர்க்கரையைப் பிளக்கும் நொதியைத் தடுப்பதால், இம்மாத்திரை உண்பவருக்கு வீட்டுச் சர்க்கரையும் வெல்லமும் உரிய வேகத்தில் பயன்தரா. அவர் பயிற்சிப் பையில் வைத்திருக்க வேண்டியது மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் தூள்.