‘சைஸ் சரியா இருக்கு’ன்னா யாருக்கு? ஆன்லைன் குர்த்தி ரிவ்யூவில் இந்த அளவுகளையும் சேருங்க!

‘மெட்டீரியல் சூப்பர். சைஸ் சரியா இருக்கு. 5 ஸ்டார்!’

ஆன்லைனில் குர்த்தி வாங்கப் போனால், பத்தில் எட்டு ரிவ்யூ இப்படித்தான் இருக்கும். அதற்குக் கீழேயே இன்னொருவர், ‘ரொம்ப டைட். யாரும் வாங்காதீங்க’ என்று 1 ஸ்டார் கொடுத்திருப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் உடம்புக்கு நடந்ததை எழுதியிருக்கிறார்கள். ஆனால், தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ‘எல்’ எடுப்பதா, ‘எக்ஸ்எல்’ எடுப்பதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இரண்டு ரிவ்யூவாலும் பயனில்லை.

‘எல்’ என்ற எழுத்தே ஒரு குழப்பம்தான். ஒரு விற்பனையாளரின் அட்டவணையில் ‘எல் - 40’ என்றால், தைத்து முடித்த குர்த்தியின் மார்புச் சுற்று 40 இன்ச் என்று அர்த்தம். இன்னொருவருக்கு அதே 40, அதைப் போடுகிறவரின் உடல் அளவு. இரண்டுக்கும் நடுவே 2 இன்ச் வரைகூட வித்தியாசம் வந்துவிடும். இந்தியர்களுக்கென்று பொதுவான அளவு அட்டவணை தயாரிக்க, மத்திய ஜவுளி அமைச்சகத்துக்காக நிஃப்ட் நிறுவனம் 3டி ஸ்கேனர் வைத்து ‘இந்தியாசைஸ்’ என்ற கணக்கெடுப்பையே நடத்தியிருக்கிறது. இப்போதைக்கு நம் கையில் இருப்பது தையல் டேப்தான்.

ரிவ்யூவில் இரண்டு எண்கள் இருந்தால் போதும், கதையே மாறிவிடும். ஒன்று, உங்கள் உடல் அளவு. மற்றொன்று, துணியின் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டெய்லர்கள் ‘லூஸ் விடுறது’ என்பார்கள். இழுத்தால் நீளாத காட்டன், ரேயான் குர்த்தியில் மார்புச் சுற்றில் 2 இன்ச்சாவது லூஸ் இருந்தால்தான் கையை நீட்டி மடக்க வசதியாக இருக்கும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். 5 அடி 1 இன்ச் உயரம், 38 இன்ச் மார்புச் சுற்று உள்ள ஒருவர், ‘எல் - 40’ என்று போட்டிருந்த ரேயான் குர்த்தியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்சலைப் பிரித்ததும், டேக்கை வெட்டாமல் குர்த்தியைத் தரையில் விரிக்க வேண்டும். மெத்தை வேண்டாம், அமுங்கினால் அளவு மாறும். சுருக்கத்தைக் கையால் நீவிவிடலாம், இழுக்கக் கூடாது. அக்குள் தையலுக்கு ஓர் இன்ச் கீழே, இந்தப் பக்கத் தையலிலிருந்து அந்தப் பக்கத் தையல் வரை டேப்பை வைத்தால் 19.75 இன்ச். இரண்டால் பெருக்கினால் 39.5. அட்டவணையைவிட அரை இன்ச் குறைவு. மொத்தமாகத் தைக்கும் துணியில் இது சகஜம். அதே சைஸில் இன்னொரு பீஸ் 40 ஆகவே இருக்கலாம்.

அப்படியானால் இவருக்குக் கிடைப்பது 1.5 இன்ச் லூஸ். உடம்போடு ஒட்டி நிற்கும், பிடிக்காது. மார்பு 36 உள்ள ஒருவர் இதைப் படித்தால், தனக்கு 3.5 இன்ச் தாராளமாக இருக்கும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்வார். மார்பு 40 உள்ளவர் ‘எல்’ பக்கமே போக மாட்டார். ‘சரியா இருக்கு’ என்ற வரியில் இந்தக் கணக்குக்கு வழியே இல்லை.

அடுத்தது கை. குர்த்தி திரும்பிப் போவதற்கு இது முக்கியமான காரணம், ஆனால் பல அட்டவணைகளில் இருக்கவே இருக்காது. அக்குளுக்குக் கீழே கையின் அகலத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். துணி 13 இன்ச், மேல்கை 12.5 இன்ச் என்றால், கண்ணாடி முன் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கும்போதுதான் தெரியும். அதனால் போட்டுப் பார்க்கும்போது கையை மேலே தூக்கி, முன்னால் நீட்டி, ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

உயரத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். 42 இன்ச் நீளமுள்ள குர்த்தி, 5 அடி 1 இன்ச் பெண்ணுக்குக் கெண்டைக்கால் பாதி வரை வரும். 5 அடி 6 இன்ச் உள்ளவருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும்.

மார்பளவைப் பொதுவெளியில் எழுதத் தயக்கமா? நியாயம்தான். துணியின் அளவையும் உயரத்தையும் மட்டும் போடுங்கள். படிப்பவர் தன்னிடம் உள்ள, நன்றாகப் பொருந்தும் குர்த்தியை அதேபோல விரித்து அளந்து ஒப்பிட்டுக்கொள்வார். சொல்லப்போனால், அதுதான் இன்னும் துல்லியம்.

போட்டோவுக்கு வருவோம். டேப்பைத் துணிமேல் வைத்து எடுக்கும்போது போன் நேர் மேலே இருக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் எண் தப்பாகத் தெரியும். போட்டுக்கொண்டு எடுக்கும் படத்தில் போன் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். தலைக்கு மேலே தூக்கி செல்ஃபி எடுத்தால் குர்த்தி குட்டையாகத் தெரியும். கையைத் தொங்கவிட்டு ஒன்று, தூக்கி ஒன்று, இரண்டு படம் போதும். மார்பிலோ அக்குளிலோ குறுக்காக வரிவரியாகச் சுருக்கம் விழுந்தால் டைட். துணி தளர்ந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் லூஸ். இதை விளக்கப் பத்து வரி எழுத வேண்டியதில்லை, படமே சொல்லிவிடும். நிறத்துக்கு ஜன்னல் வெளிச்சம்தான் சரி. ஃப்ளாஷ் போட்டால் மெரூன்கூட சிவப்பாகிவிடும். முகத்தை வெட்டிவிடலாம். பின்னால் விளையாடும் குழந்தையோ, முகவரியும் போன் நம்பரும் உள்ள பார்சல் கவரோ படத்தில் வராமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனிதான் பலர் தவறவிடும் இடம். நம் உதாரணத்துப் பெண் முதல் நாளே ரிவ்யூ போட்டிருந்தால், ‘கச்சிதம்’ என்றுதான் எழுதியிருப்பார். ஒருமுறை துவைத்து நிழலில் காயவைத்து அளந்தால், நீளம் 41 இன்ச், மார்புச் சுற்று 39. லூஸ் ஓர் இன்ச்தான் மிச்சம், இப்போது லேசாகப் பிடிக்கிறது. துவைத்த குர்த்தியைத் திருப்பி அனுப்பவும் முடியாது. ரேயானும் காட்டனும் முதல் துவைப்பில் இப்படிச் சுருங்கக்கூடியவை. எனவே, திருப்பி அனுப்புவதா என்பதை டேக்கோடு அளக்கும்போதே முடிவு செய்துவிட்டு, ரிவ்யூவைத் துவைத்த பிறகு எழுதலாம். ஏற்கெனவே எழுதிவிட்டால் பல தளங்களில் திருத்தவும் முடியும்.

அவர் எழுத வேண்டிய ரிவ்யூ இவ்வளவுதான்:

‘மெரூன் கலர், எல் சைஸ், ஆகஸ்ட்டில் வாங்கியது. என் உயரம் 5 அடி 1 இன்ச், மார்பு 38. குர்த்தி மார்புச் சுற்று புதிதில் 39.5, துவைத்த பிறகு 39. நீளம் 42, இப்போது 41. மேல்கை 13, கையைத் தூக்கினால் பிடிக்கிறது. பக்கத் தையலுக்குள் இரு பக்கமும் அரை இன்ச் துணி விட்டிருக்கிறார்கள். மார்பு 38-க்கு மேல் இருந்தால் எக்ஸ்எல் பாருங்கள்.’

கலரையும் மாதத்தையும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பல தளங்களில் எல்லா கலருக்கும் ரிவ்யூக்கள் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். மாதம் போகப் போகத் துணியும் தையலும்கூட மாறலாம். டெலிவரி தாமதமானதற்கு ஸ்டாரைக் குறைத்தால், படிப்பவர் துணியில் குறை என்று நினைத்துக்கொள்வார். அந்தக் கோபத்தைக் கஸ்டமர் கேரில் காட்டிக்கொள்ளலாம்.

அந்தத் தையலுக்குள் விட்ட துணி பற்றிய வரிதான், ஏற்கெனவே ‘எல்’ வாங்கி மாட்டிக்கொண்டவருக்கு உதவும். இரு பக்கத் தையலையும் கால் இன்ச் பிரித்து வெளியே தைத்தால், முன்னும் பின்னும் சேர்த்துச் சுற்றளவில் ஓர் இன்ச் கிடைக்கும். பக்கத்துத் தெரு டெய்லருக்கு அரை மணி நேர வேலை.