77.8 எப்படி 50 ஆனது?

2021 நவம்பரில் கோவாக்சின் பற்றி இரண்டு எண்கள் ஆய்விதழ்களில் வெளிவந்தன. அறிகுறிகளோடு வரும் கொரோனாவை அது 77.8 சதவீதம் தடுக்கிறது என்றது மூன்றாம் கட்டச் சோதனை. டெல்லி எய்ம்ஸ் ஊழியர்களிடம் நடந்த ஆய்வோ 50 சதவீதம் என்றது. இதில் ஏதோ ஒன்று பொய் என்று நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் கட்டச் சோதனையில் ஏறத்தாழ 25,800 பேர். யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு மருந்தில்லாத ஊசி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். போட்டுக்கொண்டவருக்கும் அது தெரியாது. பிறகு நோய் வந்தவர்களை எண்ணினார்கள்: தடுப்பூசிக் குழுவில் 24, மற்றதில் 106.

எய்ம்ஸில் குலுக்கல் கிடையாது. ஏப்ரல் 15 முதல் மே 15 வரை, அறிகுறியோடு ஆர்டிபிசிஆர் செய்துகொண்ட 2,714 ஊழியர்களை எடுத்துக்கொண்டார்கள். 1,617 பேருக்குப் பாசிட்டிவ், 1,097 பேருக்கு நெகட்டிவ். நெகட்டிவ் வந்தவர்களே ஒப்பீட்டுக் குழு. அவர்களும் அதே காய்ச்சல், இருமலோடு அதே இடத்துக்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் என்பதுதான் இந்த டெஸ்ட்-நெகட்டிவ் முறையின் அடிப்படை.

கணக்கைப் புரிந்துகொள்ள, அரியலூர் மருத்துவமனை ஒன்றைக் கற்பனை செய்வோம். பாசிட்டிவ் வந்த 100 பேரில் தடுப்பூசி போட்டவர் 50, போடாதவர் 50, விகிதம் 1. நெகட்டிவ் வந்த 90 பேரில் போட்டவர் 60, போடாதவர் 30; விகிதம் 2. ஒன்றை இரண்டால் வகுத்தால் 0.5. அதை ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பது 50 சதவீதப் பாதுகாப்பு. “பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப்பேர் ஊசி போட்டவர்கள், அப்புறம் எதற்கு ஊசி?” என்று பெரம்பலூரில் யாராவது கேட்டால், நெகட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் போட்டிருந்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

எண் ஏன் குறைந்தது? எய்ம்ஸ் ஆய்வு நடந்தது டெல்டா அலையின் உச்சத்தில். மூன்றாம் கட்டச் சோதனையிலேயே டெல்டாவுக்கு எதிரான பலன் 65.2 சதவீதமாகத்தான் இருந்தது. மருத்துவமனை ஊழியர்கள் கிருமியை எதிர்கொள்வதும் மற்றவர்களைவிட அதிகம். தவறாக நெகட்டிவ் வந்த நோயாளிகள் ஒப்பீட்டுக் குழுவில் கலந்துவிடுவதும் எண்ணைக் கீழே இழுக்கும். தவிர, அந்த 50 என்பது 33-க்கும் 62-க்கும் இடையிலான ஒரு மதிப்பீடு. செய்திகளில் இந்த இடைவெளியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரும் குறையாகவே படுகிறது.

ஒரு சதவீதத்தைக் கேட்டால் மூன்றைக் கேளுங்கள்: எதற்கு எதிராக, தொற்றா, கடும் நோயா, மரணமா? எந்த வகைக் கிருமி பரவியபோது? ஊசி போட்டு எத்தனை நாளில்?

இப்படிப்பட்ட ஆய்வில் உங்களையும் சேர்க்க விரும்பினால், விளக்கம் கேட்கவும் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது. குறைந்தால் அந்த ஆய்வின் நெறிமுறைக் குழுவிடம் புகார் செய்யலாம். சேர்வதானால், தடுப்பூசிச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஊசி போட்ட தேதி தவறாகப் பதிவானால், போட்டவர் போடாதவர் பட்டியலில் விழுவார், கணக்கே மாறிவிடும்.