கூட்டலா, கழித்தலா?

ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?

பிரான்சின் கிரெனோபிள் நகரில் கணிதம் கற்பித்தலை ஆராயும் நிறுவனம் ஒன்று, 1980ஐ ஒட்டி, இந்தக் கேள்வியைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கொடுத்தது. அவர்களில் 76 பேர் கேள்வியில் இருந்த எண்களை வைத்து ஒரு விடை சொன்னார்கள். 26ஐயும் 10ஐயும் கூட்டி 36 வயது என்பது போன்ற விடைகள். ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்கவில்லை.

சுவிட்சர்லாந்து ஆய்வாளர் குர்ட் ராய்சர் இதே போன்ற இன்னொரு கணக்கைக் கொடுத்தார். மந்தையில் 125 ஆடுகள், 5 நாய்கள். மேய்ப்பரின் வயது என்ன? ஒரு பிள்ளை வாய்விட்டு யோசித்ததைக் கேட்டால் நிலைமை புரியும். கூட்டினால் 130, ரொம்ப அதிகம். கழித்தால் 120, அதுவும் அதிகம். வகுத்தால் 25 வருகிறது, அது ஒத்துவருகிறது. ஆகவே மேய்ப்பருக்கு 25 வயது. மூன்று செயல்களையும் அந்தப் பிள்ளை பிழையில்லாமல் செய்திருக்கிறது. கதையை மட்டும் படிக்கவில்லை.

இந்தப் பழக்கம் நம் வகுப்பறைக்கும் புதிதல்ல. வாழ்க்கைக் கணக்கைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள், “டீச்சர், இது கூட்டலா, கழித்தலா?” என்று ஒரு குரல் வரும். பதில் கிடைத்துவிட்டால் மீதி வேலை சுலபம். கழித்தல் பாடத்தின் கடைசியில் வரும் கணக்குகள் எல்லாமே கழித்தலாக இருப்பதால், படிக்காமலே விடை எழுதலாம் என்று பிள்ளை சீக்கிரமே கண்டுகொள்கிறது. போதாததற்குச் சுவரில் ஓர் அட்டை தொங்கும்: “மொத்தம்”, “அதிகம்” என்று வந்தால் கூட்டு, “மீதி”, “குறைவு” என்று வந்தால் கழி. உதவி செய்யும் எண்ணத்தில்தான் ஆசிரியர்கள் இதைச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஊகிக்கும் பழக்கத்துக்கு வேர் இந்த அட்டைதான்.

அட்டை எங்கே கைவிடுகிறது என்று பார்க்கலாம். “மாலாவிடம் 12 பென்சில்கள் உள்ளன. அது ரவியிடம் உள்ளதைவிட 5 அதிகம். ரவியிடம் எத்தனை பென்சில்கள்?” அட்டையை நம்பும் பிள்ளை “அதிகம்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 12ஐயும் 5ஐயும் கூட்டி 17 என்று எழுதும். சரியான விடை 7.

பேருந்துக் கணக்கும் அப்படித்தான். “பேருந்தில் சிலர் இருந்தார்கள். நிறுத்தத்தில் 8 பேர் ஏறினார்கள். இப்போது 23 பேர் இருக்கிறார்கள். முதலில் எத்தனை பேர்?” ஏறினார்கள் என்றதும் கூட்டி 31 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. கதையில் நடப்பது சேர்த்தல்தான். ஆனால் தெரியாத எண் கதையின் தொடக்கத்தில் இருப்பதால் விடைக்கு 23லிருந்து 8ஐக் கழிக்க வேண்டும். கதையில் நடக்கும் செயலும் விடை காணச் செய்ய வேண்டிய செயலும் எதிரெதிராக இருக்கலாம் என்பதை எந்தச் சொல்லட்டையும் சொல்லித் தராது.

வயதானால் இது தானாகச் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் மேரி ஹெகார்ட்டியும் ரிச்சர்ட் மேயரும் சக ஆய்வாளரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய ஒப்பீட்டுக் கணக்குகளைப் படிக்கும்போது கல்லூரி மாணவர்களின் கண்கள் எங்கே போகின்றன என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். தவறு செய்தவர்கள் எண்களையும் “அதிகம்”, “குறைவு” போன்ற சொற்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்களின் பார்வை யாருடையது, எதனுடையது என்று சொல்லும் பெயர்களுக்கு அதிகம் திரும்பியது.

வகுப்பில் செய்ய வேண்டியதும் அதுதான்: எண்ணிலிருந்து கண்ணை எடுத்து, கதையில் இருப்பவர்கள் மேல் வைப்பது. எண்ணையே சொல்லாமல் தொடங்குவது இதற்கு நல்ல வழி. மாலா கணக்கை ஆசிரியர் இப்படிச் சொல்கிறார்: “மாலாகிட்ட கொஞ்சம் பென்சில் இருக்கு. ரவிகிட்ட இருக்கிறதைவிட அது அதிகம்.” பிறகு ஒரே கேள்வி: “யார்கிட்ட அதிகம்?” கூட்டவோ கழிக்கவோ கையில் எண் இல்லாததால், பிள்ளைக்குக் கதையை நினைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாலாவிடம்தான் அதிகம் என்பது வகுப்பு முழுவதற்கும் உறுதியான பின்பே படத்துக்குப் போகலாம்.

படம் என்றால் பென்சிலை அழகாக வரைவதல்ல; இரண்டு பட்டைகள் போதும். சிங்கப்பூரில் 1980களில் கோ டெக் ஹாங் தலைமையிலான பாடத்திட்டக் குழு தொடக்கப் பள்ளிக் கணிதத்தில் கொண்டுவந்த முறை இது. மேலே மாலாவுக்கு நீளமான பட்டை, அதற்கு நேர் கீழே ரவிக்குக் குட்டையான பட்டை. இரண்டும் இடப்பக்கம் ஒரே கோட்டில் தொடங்க வேண்டும். மாலாவின் பட்டையில் ரவியைத் தாண்டி நீளும் துண்டுதான் வித்தியாசம். இப்போது எண்கள் வருகின்றன: மாலாவின் முழுப் பட்டைக்கு மேல் 12, நீளும் துண்டில் 5, ரவியின் பட்டையில் கேள்விக்குறி. 12லிருந்து 5ஐ எடுக்க வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. 12 − 5 = 7 என்று எழுதுவது கடைசி வேலை.

விடை வந்ததும் அதைக் கதைக்குள் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். 17 என்று எழுதிய பிள்ளையிடம் “தப்பு” என்று சொல்ல வேண்டாம். “ரவிகிட்ட 17, மாலாகிட்ட 12. இப்ப யார்கிட்ட அதிகம்? கணக்கு என்ன சொல்லுச்சு?” என்று கேட்டால் போதும். முரண்பாட்டைப் பிள்ளையே பிடித்துவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டுமா என்று சிலர் தயங்குகிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் தாமஸ் கார்ப்பென்டர் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஓராண்டு கதைக் கணக்குகளோடு பழகியிருந்த 70 மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒன்பது கணக்குகளைக் கொடுத்தார்கள். பெருக்கலும் வகுத்தலும் அவற்றில் இருந்தன. ஏறக்குறைய பாதிப் பேர் ஒன்பதுக்கும் பொருத்தமான வழியைக் கையாண்டார்கள். பொருள்களை வைத்தும் எண்ணியும் கதையை நடித்துப் பார்ப்பதே அவர்கள் வழி. ஆகவே ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பட்டைக்கு முன்னால் புளியங்கொட்டையும் குச்சியும் வர வேண்டும்.

பட்டை முறைக்கும் ஓர் அபாயம் உண்டு. எல்லாக் கணக்குக்கும் ஒரே மாதிரி இரண்டு பெட்டி போட்டு, உள்ளே எண்ணை நிரப்பும் பிள்ளைகள் வருவார்கள். அப்போது அட்டைக்குப் பதில் பட்டை வந்ததே தவிர, ஊகம் போகவில்லை என்று அர்த்தம். “இந்தப் பட்டை யாருடையது? இந்தத் துண்டு எது?” என்று கேட்டால் பதில் வருகிறதா என்பதில் அது தெரிந்துவிடும். வரியைத் தடையின்றிப் படிக்க முடியாத பிள்ளையின் சிக்கல் வேறு. அதற்குக் கணக்கை வாசித்துக் காட்ட வேண்டும். கணக்கு வராது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. ஒரு வகுப்பில் பத்துக் கணக்கைப் போட்டு முடிப்பதைவிட மூன்றை இப்படிப் பேசி முடிப்பது மேல். அந்த மூன்றும் ஒரே செயலில் முடியக் கூடாது. 24, 6 என்ற அதே இரண்டு எண்களை வைத்துக் கூட்டலுக்கு ஒன்று, கழித்தலுக்கு ஒன்று, வகுத்தலுக்கு ஒன்று கொடுத்தால் எண்ணைப் பார்த்து ஊகிக்க வழியே இருக்காது.

வீட்டில் பெற்றோர் செய்யக் கூடியதும் இருக்கிறது. வீட்டுப் பாடத்தோடு வந்து “இது கூட்டலா, கழித்தலாம்மா?” என்று பிள்ளை கேட்டால், செயலின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். நோட்டை மூடி வைத்து, “அந்தக் கதையை எனக்குச் சொல்லு, நம்பரே வேண்டாம்” என்று கேளுங்கள்.