கெட்டிலின் அடித்தட்டு

"தம்பி, தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே கெட்டில் நின்னுடுது. பிளாஸ்டிக்ல வாங்கினதுதான் தப்பு. ஸ்டீல்ல ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் போர் தண்ணீர்தான்.

கெட்டில் வாங்கும்போது உடல் ஸ்டீலா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்று பார்க்கிறோம். ஆனால் இன்று விற்கிற பெரும்பாலான கெட்டில்களில் தண்ணீரைச் சூடாக்கும் அடித்தட்டு ஸ்டீல்தான். உடல் எதுவானாலும் அது மாறுவதில்லை. உப்பு அதிகம் படிவதும் அங்கேதான். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகிறது, அதாவது சுண்ணாம்புக்கல். தட்டுதான் எல்லாவற்றையும் விடச் சூடான இடம் என்பதால் முதலில் அங்கே ஒட்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் இப்படிப் பிரியக்கூடிய கடினத்தன்மை உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்று லிட்டர் கொதிக்கவைத்தால், ஒரு மாதத்தில் அந்தத் தண்ணீரோடு உள்ளே போவது 27 கிராம். அதில் ஒரு பகுதிதான் படியும் என்றாலும், ஒரு வாரத்திலேயே தட்டு வெளுக்க அது போதும். குடிநீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

அக்காவின் கெட்டில் பாதியில் நின்றதற்குக் காரணமும் இந்தப் பொருக்குதான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் எரிந்துபோகாமல் இருக்க, தட்டுக்குக் கீழே ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் உண்டு. பொருக்கு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுப்பதால் தட்டு அளவுக்கு மீறிச் சூடாகிறது; உள்ளே தண்ணீர் இல்லை என்று எடுத்துக்கொண்டு ஸ்விட்ச் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு ஒரு மேசைக்கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்தி, அரைமணி நேரம் விட்டோம். நுரைத்துக்கொண்டு கழன்றது. மிச்சத்துக்கு இன்னொரு முறை. பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டினோம். கெட்டில் பழையபடி கொதித்து நின்றது. கத்தியாலோ கம்பி நாராலோ சுரண்டவே கூடாது. கீறலில் அடுத்த பொருக்கு இன்னும் இறுகப் பிடிக்கும்.

அப்படியானால் உடல் எதில் வித்தியாசம் காட்டுகிறது? முதலில் ருசியில். புது பிளாஸ்டிக் கெட்டிலில் வாடை வரும். நாலைந்து முறை கொதிக்கவைத்துக் கொட்டியும் போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஸ்டீலிலும் ஆலையின் எண்ணெய் வாடை இருக்கும், ஆனால் கழுவினால் ஓரிரு நாளில் போய்விடும். கண்ணாடி எதையும் சேர்ப்பதில்லை. டீயில் மேலே ஏடு போலப் படலம் வந்து நிறம் மங்கினால், அது தண்ணீரின் கடினத்தன்மை. கெட்டிலை மாற்றினாலும் போகாது.

பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். சூடு ஏற ஏற அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அதிகம் உதிர்கின்றன என்பதை டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் குழந்தைகளின் பால்புட்டிகளை வைத்துக் காட்டினார்கள். அதனால் உடலுக்கு என்ன ஆகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. எனக்கு விருப்பம், கொதிநீர் பிளாஸ்டிக்கைத் தொடாமல் இருப்பது. ஸ்டீல் கெட்டில் என்று வாங்கினாலும் மூடியின் உட்புறம், நீர் அளவு காட்டும் ஜன்னல், வாயின் வடிகட்டி எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கலாம். கடையிலேயே திறந்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். எளிதில் துருப்பிடிக்கிற மலிவான 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 304 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

ஒற்றைச் சுவர் ஸ்டீல், தண்ணீர் கொதிக்கும்போது தொட்டால் சுட்டுவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு, உள்ளே ஸ்டீலும் வெளியே பிளாஸ்டிக்குமாக இரட்டைச் சுவர் வைத்தது நல்லது. கண்ணாடியும் சுடும். போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் கொதிநீரைத் தாங்கும், ஆனால் குழாயில் இடித்தால் உடையும். கண்ணாடியும் அடித்தட்டும் சேரும் இடத்தில் ஈரம் கசிந்தால் அதை அப்போதே ஓரம்கட்டுங்கள். ஸ்டீல் கெட்டிலின் பிளக்கில் மூன்றாவது முள்ளான எர்த் கட்டாயம். இரண்டு முள் அடாப்டரில் செருகினால், உள்ளே கசிவு வரும் நாளில் முழு உடலும் ஷாக் அடிக்கும். பிளாஸ்டிக் கெட்டிலுக்கும் எர்த் வேண்டும், தண்ணீர் தொடும் தட்டு உலோகம்தானே.

அக்கா கடைசியில் ஸ்டீல்தான் வாங்கினார், உள்மூடியும் ஸ்டீலாக இருந்ததை. "தண்ணி வாசனையே இல்ல தம்பி" என்றார். ஆனால் மூடியைத் திறந்துவைத்தே கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். கொதித்ததும் கெட்டிலை நிறுத்துவது ஆவி. அது உள்ளே ஒரு சின்ன வழியாகப் போய் ஸ்விட்சைத் தொட வேண்டும். மூடி திறந்திருந்தால் ஆவி மேலே போய்விடும், கெட்டில் நிற்காமல் கொதித்துக்கொண்டே இருக்கும்.