சம்பளம் போக மீதிக்குத்தான் வரி

ஈரோட்டில் இருவர் சரிபாதிப் பங்கில் ஜவுளிக்கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மூலதனம் 20 லட்சம்; வட்டி, சம்பளத்துக்கு முந்தைய லாபம் 12.40 லட்சம்.

மூலதனத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி வரை நிறுவனத்தின் செலவு. இங்கே அது 2.40 லட்சம். மீதி 10 லட்சத்தை வைத்துத்தான் கூட்டாளிகளின் சம்பள உச்சவரம்பைக் கணக்கிட வேண்டும்: முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், அதற்கு மேல் 60 சதவீதம். ஆக 7.80 லட்சம். 2024-25 நிதியாண்டு முதல் இதுதான் வரம்பு.

எஞ்சிய 2.20 லட்சத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், 68,640 ரூபாய். பிறகு மிஞ்சும் 1,51,360 ரூபாயை இருவரும் பிரித்துக்கொண்டால், அந்தப் பங்குக்கு மறுபடி வரி இல்லை. சம்பளமும் வட்டியும் அப்படியல்ல, அவரவர் வருமானத்தில் சேரும்.

பலர் சறுக்குவது ஒப்பந்தப் பத்திரத்தில். 'சம்பளம் பிறகு பேசிக்கொள்ளலாம்' என்று எழுதினால் அந்த 7.80 லட்சமும் செலவாக ஏற்கப்படாது. தொகையோ கணக்கிடும் முறையோ தெளிவாக இருக்க வேண்டும். பின்தேதியிட்ட திருத்தமும் உதவாது. பணம் மட்டும் போட்டுவிட்டு வேலையில் ஈடுபடாத கூட்டாளிக்கு வட்டி உண்டு, சம்பளம் கிடையாது.